இரண்டு பேஸ் வீடு

கலைச்செல்வன் ஒரு சுவிட்ச் போர்டைத் திறந்து மூடினால் திருகாணிகளின் பள்ளம் எல்லாம் ஒரே திசையில் நிற்கும். அதனால் கரண்டுக்கு ஒரு லாபமும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கோணலாக விட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது.

பத்தாவதுக்கு மேல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்ததோடு அவன் படிப்பு முடிந்தது. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் வயரிங் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஓடிவிட்டது. எந்த வட்டத்தில் எந்த வீட்டு மெயின் போர்டு எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லுவான். பியூஸ் பெட்டி ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னத் தாள் ஒட்டி, எந்தப் பியூஸ் எந்த அறைக்கு என்று எழுதிவிட்டு வருவான். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு 'ஸ்டிக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமைதான்.

அந்தப் பெருமையை விடப் பெரிய பெருமை ஒன்று வீட்டில் இருந்தது. அவனுக்குப் பதின்மூன்று வருஷம் இளையவள், தங்கச்சி இசைப்பிரியா. கல்லூரியில் இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் படித்தாள். கேம் கன்சோலில் கால்பந்து ஆடுவாள்.

கன்சோல் அவர்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு பழுதால்தான். டவுன்ஷிப்பில் ஓர் ஆபீசர் வீட்டுப் பையன் மேல்படிப்புக்கு வெளிநாடு போனபோது, உயிர் போன கன்சோல் ஒன்று பழைய சாமானோடு கிடந்தது. வயரிங் வேலைக்குப் போன கலைச்செல்வனிடம், "வேணும்னா எடுத்துக்கோப்பா" என்று கொடுத்துவிட்டார்கள். அவன் அதைத் திறந்து, பவர் சப்ளையில் உப்பிப் போயிருந்த கெப்பாசிட்டரை மாற்றினான். விளக்கு எரிந்தது. இசைப்பிரியா அன்று கையில் எடுத்த ரிமோட்டை மூன்று வருஷமாகக் கீழே வைக்கவில்லை. இணையத்தில் எங்கெங்கோ இருப்பவர்களோடு ஆடினாள். பெரும்பாலும் ஜெயித்தாள். தோற்றால் ஏன் தோற்றோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அந்தப் பழக்கம் தன்னிடமிருந்து போனது என்று கலைச்செல்வன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமல் இருப்பது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

2016 மே மாதம் தமிழ்நாடு அளவில் ஒரு போட்டி வந்தது. தகுதிச் சுற்று முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில், அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் ஆட வேண்டும். ஜெயிக்கிற எட்டுப் பேர் சென்னையில் மேடையில் ஆடுவார்கள். விதிகளில் இரண்டு முக்கியம். கன்சோல் ஒயர் மூலமாகத்தான் இணைந்திருக்க வேண்டும், வைஃபை கூடாது. போட்டி முடிவதற்குள் இரண்டு தடவை இணைப்பு அறுந்தால் ஆள் வெளியே.

முதல் தடவை முதல் ஞாயிற்றுக்கிழமையே அறுந்துவிட்டது.

அவர்கள் குடியிருந்தது டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே, செல்லக்கிளி என்ற அம்மாளின் மாடி வீட்டில், கீழ்ப் போர்ஷன். ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. மூன்று அறை வரிசையாக. முன்னறையில் அம்மா மாணிக்கம்மாளின் தையல் கடை: இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, அளவு கொடுக்க வரும் பெண்களுக்காக ஒரு திரை. டெலிபோன் ஒயர் வந்து ரவுட்டர் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். நடுக்கூடத்தில் அப்பா கலியன். கடைசி அறையில் டி.வி.யும் கன்சோலும் இசைப்பிரியாவும்.

முதல் ஆட்டத்துக்கு, முன்னறையிலிருந்து கடைசி அறை வரைக்கும் லேன் கேபிளைத் தரையில் ஓட்டினார்கள். கலியன் சுரங்கத்தில் முப்பது வருஷம் உழைத்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன அடுத்த வருஷமே பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி, காலைத் தரையோடு தேய்த்துத்தான் நடப்பார். ஆட்டத்தின் நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்தவரின் கால் கேபிளில் மாட்டியது. நிலைக்கதவை எட்டிப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. கேபிள் பிடுங்கிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் இழுத்துடுச்சி, வேற ஒண்ணும் இல்ல" என்றார் கலியன், தாம்தான் தப்புச் செய்தவர் மாதிரி.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்து எப்படியோ அந்தச் சுற்றைத் தாண்டினாள் இசைப்பிரியா. அன்று சாயங்காலமே கேபிளைச் சுருட்டி அண்ணன் கையில் கொடுத்தாள்.

"இனிமே தரையில வேணாம்ணே. அப்பா விழுந்திருந்தா நான் சென்னைக்குப் போயி என்னா பண்ணப் போறேன்."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் இருக்குல்ல? நான் பாக்குறேன்."

"இன்னும் ஒரு வாட்டி கட்டாச்சின்னா அவ்ளோதான்ணே."

"பாக்குறேன்னு சொன்னன்ல."

முதலில் மாடிக்குப் போனான். செல்லக்கிளி நல்ல மனுஷிதான், சுவர் விஷயம் ஒன்றைத் தவிர. போன மாதம்தான் வீடு முழுக்க வெள்ளை அடித்திருந்தாள்.

"அக்கா, சுவத்து மேல ஓரமா ஒரு ஒயர் ஓட்டிக்கிறன். ரெண்டு சுவத்துல மட்டும் சின்னதா ஒரு ஓட்டை."

"ஆணி கூட அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான வூடு வுட்டன் கலை? நீயே ஓட்டை போட்டா அப்புறம் யாரு வந்தாலும் போடுவாங்க."

"போட்டுட்டு நானே சிமென்ட் வெச்சி அடைச்சித் தரேங்க்கா."

"அடைச்ச எடம் அடைச்ச எடமாத்தான் தெரியும். வேற எதுனா கேளு, தரேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை என்றே அவனுக்குப் பட்டது. அடைத்த இடம் தெரியத்தான் செய்யும். அவனாலேயே அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

வெளியே சுற்றிக் கொண்டுபோக வழி இல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டு நின்றது. சுவருக்குள் ஏற்கெனவே போகிற கரண்ட் பைப்பிலேயே லேன் கேபிளையும் இழுத்துவிடலாமே என்று அம்மா கேட்டாள். "இருநூத்தி முப்பது வோல்ட்டு போற பைப்புல அதைப் போடக் கூடாதும்மா. எங்கனா உரசிச்சின்னா அந்தக் கரண்டு நேரா கன்சோலுக்கு வரும், இவ கைக்கும் வரும்" என்று அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டான்.

மெயின் பஜாரில் ஜெயப்பிரகாஷ் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தான். ஐ.டி.ஐ.யில் கலைச்செல்வனுக்கு ஒரு வருஷம் ஜூனியர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே சோப்புப் பெட்டி அளவில் இரண்டு வெள்ளை டப்பா. ஒரு பக்கம் பிளக் முள், அடியில் லேன் கேபிள் சொருகுகிற துளை.

"பவர்லைன் அடாப்டர். ஒண்ண ரவுட்டர் பக்கத்துல பிளக்குல சொருகு. இன்னொண்ண கன்சோல் பக்கத்துல. ரவுட்டர்லேர்ந்து இதுக்கு ஒரு முழ கேபிள், இதுலேர்ந்து கன்சோலுக்கு ஒரு முழ கேபிள். நடுவுல உன் வூட்டு கரண்ட் ஒயர்தான் கேபிள்."

கலைச்செல்வன் டப்பாவைத் தொடவில்லை.

"கரண்ட் ஒயர்ல நெட்டு போவுமா?"

"போவும்."

"எவன்கிட்ட கதை வுடுற?"

"என்னாண்ணே, கரண்டுக்காரனுக்கே கரண்டு மேல நம்பிக்கை இல்லியா? கரண்டு நொடிக்கு அம்பது தரம் ஆடுது. இந்த டப்பா அதே கம்பியில, நொடிக்குக் கோடிக்கணக்கா ஆடுற ரொம்பச் சின்ன அலைய ஏத்தி வுடுது. அந்தப் பக்கத்து டப்பா அம்பதத் தள்ளிட்டு இத மட்டும் பிரிச்சி எடுத்துக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிக்காது. கன்சோலுக்கு இது லேன் கேபிள்தான். ஒயர்னுதான் காட்டும். உன் போட்டிக்காரன் கேட்டதும் அதான?"

"ஓடலன்னா?"

"ஓடலன்னா கொண்டாந்து குடு. நீ கீறல் கூடப் போடாமக் கொண்டாருவன்னு தெரியும்."

புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும் மாட்டினான். விலை உயர்ந்த எந்தச் சாமானையும் நேராகச் சுவர் பிளக்கில் சொருகுவது கலைச்செல்வன் வழக்கத்தில் கிடையாது. கரண்ட் ஏறி இறங்கினால் தாங்குவதற்காக, ஸ்பைக் கார்டு வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்து அறைக்கு ஒன்று வைத்திருந்தான். இரண்டு அடாப்டரையும் அந்தப் பெட்டிகளில் சொருகினான். ஒன்றை ஒன்று கண்டுகொள்ளவே இல்லை.

ஜெயப்பிரகாஷுக்குப் போன் போட்டான்.

"ஸ்பைக் கார்டுலயா சொருகுன?" என்று சிரித்தான் அவன். "அந்தப் பெட்டிக்கு வேலையே கரண்ட்ல வர்ற சில்லறை ஆட்டத்த எல்லாம் வடிகட்டுறதுதான. நம்ம சிக்னலும் அதுக்குச் சில்லறை ஆட்டந்தான். முழுங்கிடும். நேரா சுவத்துல சொருகுண்ணே, மனசக் கல்லாக்கிக்கினு."

மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொருகினான். முதலில் இரண்டையும் முன்னறையிலேயே, பக்கத்துப் பக்கத்துப் பிளக்கில் வைத்து, ஜோடி சேர்க்கிற பொத்தானை ஒன்றில் அழுத்தி அடுத்ததில் அழுத்தினான். இரண்டிலும் பச்சை விளக்கு வந்தது. இசைப்பிரியா லேப்டாப்பைச் சொருகிப் பார்த்து, "அண்ணே, சூப்பரா வருது" என்றாள். பிறகு ஒன்றைக் கழற்றிக் கடைசி அறைக்குக் கொண்டுபோய்ச் சொருகினான். பச்சை, சிவப்பாகிவிட்டது. அணைந்தது. மறுபடி சிவப்பு.

கடைசி அறையில் இருந்த மூன்று பிளக்கிலும் போட்டுப் பார்த்தான். மூன்றிலும் சிவப்பு. ஒரு பந்தை உதைத்தால் அது போய்ச் சேர்வதற்குள் ஆள் இடம் மாறியிருந்தான் என்று இசைப்பிரியா ஆடிக் காட்டினாள்.

"உன் வயரிங்தான்ணே சரியில்ல" என்றாள், வேண்டுமென்றே.

இந்த வீட்டுக்கு 2009இல் வயரிங் போட்டதே கலைச்செல்வன்தான். அந்த வேலையைப் பார்த்துத்தான் செல்லக்கிளி அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டாள். அவன் பீரோவைத் திறந்து, அந்த வருஷத்து வேலை நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படம் போட்டு வைத்திருப்பான். இந்த வீட்டுப் படம் மூன்று நிறப் பேனாவில் இருந்தது. முன்னறை சிவப்பு. கூடமும் கடைசி அறையும் மஞ்சள். மாடி நீலம்.

சிவப்பின் மேல் ஒரு விரலும் மஞ்சளின் மேல் ஒரு விரலும் வைத்துப் பார்த்தான்.

போர்வெல் மோட்டாருக்காகச் செல்லக்கிளி வீட்டுக்கு, மூன்று கம்பியில் தனித்தனியாகக் கரண்ட் வரும் மூன்று பேஸ் லைன் எடுத்திருந்தாள். மழையிலோ காற்றிலோ ஒரு பேஸ் போனால் வீடு மொத்தமும் இருட்டாகிவிடக் கூடாது என்று, வீட்டைப் பிரித்து மூன்று பேஸிலும் போட்டது அவன்தான். கீழ்ப் போர்ஷனுக்குக் கூடத்துச் சுவரில் இரண்டு திருப்பு சுவிட்ச் வைத்தான், முன்னறைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. ஒரு பேஸில் வோல்ட் குறைந்தால் சுவிட்சைத் திருப்பி அடுத்த பேஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். தெருவே இருண்டாலும் அவர்கள் வீட்டில் பாதி எரியும். பார்த்த வயர்மேன்கள் எல்லாம் மெச்சிய வேலை.

அந்த வேலைதான் இப்போது குறுக்கே நின்றது. ரவுட்டர் ஒரு பேஸில், கன்சோல் இன்னொரு பேஸில். இரண்டு கம்பியும் இந்த வீட்டுக்குள் எங்கேயும் ஒன்று சேரவில்லை. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில்தான் சேருகின்றன. ஒரே கம்பியில் ஓட வேண்டிய அலை, பக்கத்துக் கம்பிக்குக் கொஞ்சம் கசிந்து போவதால்தான் அந்தச் சிவப்பாவது தெரிந்தது.

எழுந்துபோய்ப் பின்பக்கத்து சுவிட்சை மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் திருப்பினான். கூடத்து ஃபேன் ஒரு கணம் நின்று சுற்றியது. கடைசி அறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே. பச்ச."

அவன் போய்ப் பார்த்தான். பச்சைதான். கன்சோல் திரையில் ஒயர் இணைப்பு என்று வந்திருந்தது. டெலிபோன் லைனில் வருகிற வேகம் முழுசும் குறையாமல் கடைசி அறைக்கு வந்து சேர்ந்தது. அதைவிட முக்கியம், பந்து உதைத்த நேரத்தில் போனது. முன்னறை, பின்பக்கம் இரண்டின் சுமையையும் ஒரே பேஸ் தாங்குமா என்று தாளில் கூட்டிப் பார்த்தான். தாங்கும்.

"வயரிங் சரியில்லன்னு சொன்னியே?"

"சரியாத்தான் போட்டிருக்க. ரொம்பச் சரியாப் போட்டுட்ட, அதான் பிரச்சன" என்றாள் இசைப்பிரியா. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு சிக்கல் தலைகாட்டியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் திடீர் திடீரென்று திக்கியது. நிற்கும், ஓடும், நிற்கும். கலைச்செல்வன் கூடத்தில் நின்று காதைத் தீட்டினான். முன்னறையில் மெஷின் ஓடும்போது திக்கியது, நின்றால் சரியானது. அம்மாவின் தையல் மெஷினுக்குக் காலில் மிதிக்கிற சின்ன மோட்டார் மாட்டியிருந்தது. அதன் உள்ளே கார்பன் தேய்ந்து பொறி பறக்கிற ஆட்டம் எல்லாம் அதே கம்பியில் ஏறி அடாப்டரைக் குழப்பியது.

"அந்த மோட்டார ஸ்பைக் பெட்டியில சொருகிட்டா கொஞ்சம் அடங்கும்மா" என்றான்.

"கொஞ்சம் அடங்கினா போதுமாடா?"

"முழுசா அடங்குமான்னு சொல்ல முடியாது."

மாணிக்கம்மாள் ஊக்கைப் பல்லில் கடித்தபடி யோசித்தாள். "ஞாயித்துக்கெழம அவ ஆடி முடிக்கிற வரைக்கும் மோட்டாரக் கழட்டிட்டுக் கால்ல மிதிச்சே தைக்கிறன். உங்க ரெண்டு பேரையும் வளத்தது மோட்டாரா, இந்தக் காலுதான?"

சனிக்கிழமை ராத்திரி கலைச்செல்வன் ஒரு ஸ்டிக்கர் எழுதினான். 'இரண்டும் சிவப்பிலேயே இருக்க வேண்டும். மாற்ற வேண்டாம்.' இரண்டு சுவிட்சுக்கும் நடுவில், நேராக இருக்கிறதா என்று அடிஸ்கேல் வைத்துப் பார்த்து ஒட்டினான். எல்லாம் முடிந்தது என்று படுத்தான்.

ஒன்று மட்டும் முடியவில்லை. அவன் அப்பாவிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டில் பேஸ் மாற்றுவது கலியனின் வேலை. யாரும் அவருக்குக் கொடுத்தது இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவருக்குக் கால் இழுத்த பிறகு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருப்பார். சுற்று கொஞ்சம் மந்தமானால் எழுந்து, சுவரைப் பிடித்துப் போய், சுவிட்சைத் திருப்பிவிட்டு வருவார். "பேஸ் மாத்திட்டன்" என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். ஸ்டிக்கரை அவர் படிப்பதில்லை. கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும், சுவிட்சைத் திருப்ப அவருக்குக் கண்ணாடி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். எதிராளி கோயம்புத்தூர்க்காரன். ஜெயித்தால் சென்னை. தோற்றாலும் அறுந்தாலும் இங்கேயே முடிந்தது. வெயில் பிளந்துகொண்டிருந்தது. முன்னறையில் மாணிக்கம்மாள் மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கடகடவென்று மிதித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசி அறை வாசலில் கலைச்செல்வன் நின்றான். உள்ளே போனால் இசைப்பிரியாவுக்குக் கவனம் கலையும் என்று நிலைக்கு வெளியிலேயே நின்றான்.

முதல் பாதி ஒன்றுக்கு ஒன்று. பச்சை விளக்கு அசையவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியபோது ஃபேன் மந்தமானது. அடுத்த தெருவில் ஒரு காதுகுத்து. பந்தலுக்குக் கூலர், சீரியல் விளக்கு, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே பேஸில் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. அது சிவப்புப் பேஸ். ஃபேனின் இறக்கைகளை எண்ணலாம் என்கிற அளவுக்கு வந்தது. கூடத்து டியூப் லைட் துடித்தது.

நாற்காலி கிறீச்சிட்டது. கலைச்செல்வன் திரும்பினான். கலியன் எழுந்து, சுவரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்துவிட்டார். வலது கை பின்பக்கத்து சுவிட்சின் மேல் இருந்தது.

அந்தக் கை திருப்பினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். திருப்புகிற கணத்தில் கரண்ட் ஒரு துளி அறுபடும். கன்சோல் அணையும். திரும்ப எரிந்தாலும் வேறு பேஸில் எரியும். இரண்டாவது தடவை.

கத்தினால் அவர் பதறுவார், பதறினால் விழுவார். அவன் ஓடவும் இல்லை.

"அப்பா" என்றான், சாதாரணமாகக் கூப்பிடுகிற குரலில். "அதை மாத்தாதீங்க."

"வோல்ட்டு இல்லடா. ஃபேனப் பாரு."

"பாத்தன். இப்ப மாத்துனா இசையோட ஆட்டம் அறுந்துடும். போன வாரம் அறுந்தாப்பல."

கை அங்கேயே நின்றது. போன வாரம் என்ற சொல் அவருக்குப் புரிந்தது.

"மாத்தலன்னா அணைஞ்சிடாதா? இன்னும் எறங்குமே?"

அந்தக் கேள்வி நியாயமானது. கலைச்செல்வன் பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டான். அந்தக் கன்சோலின் பவர் சப்ளையை அவன் கையால் பிரித்துப் பார்த்தவன். நூறு வோல்ட்டிலிருந்து இருநூற்று நாற்பது வரை எதைக் கொடுத்தாலும் ஓடும் என்று அதில் எழுதியிருந்தது. டி.வி.யிலும் அதே எழுத்து. ரவுட்டர் சார்ஜரிலும், அந்தச் சோப்புப் பெட்டிகளிலும் கூடப் படித்திருந்தான். எதை வாங்கினாலும் முதலில் அதைப் படிப்பவன் அவன். ஃபேனும் டியூப் லைட்டும் அழும். மற்றதெல்லாம் அழாது.

"அதுங்களுக்கு நூறு வோல்ட்டே போதும்ப்பா. ஃபேனுக்குத்தான் பத்தாது. இருந்தாலும் நூத்தம்பதுக்குக் கீழ போவாமப் பாத்துக்கினா பயமில்லாம ஓடும்."

"எப்படிப் பாத்துக்குவ?"

"நம்ம சுமைய எறக்கிடலாம்."

பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றினான். டியூப் லைட்டை அணைத்தான். கூடத்து ஃபேனை அணைத்தான். முன்னறைக்குப் போய், "யம்மா, ஃபேனும் லைட்டும் ஆஃப் பண்றன்" என்றான். மாணிக்கம்மாள் தலை நிமிராமல், "பண்ணு. ஊசி போற எடம் எனக்குத் தெரியும்" என்று மிதித்துக்கொண்டே இருந்தாள். கடைசி அறை ஃபேனை அணைக்க அவன் யோசித்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இசைப்பிரியாவே சொன்னாள்:

"அதையும் அணைச்சிடுண்ணே."

அதையும் அணைத்துவிட்டு, கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கடைசி அறையின் வாசலோரப் பிளக்கில் டெஸ்ட் மீட்டரை வைத்தான். நூற்று அறுபத்தாறு. கொஞ்சம் ஏறி நூற்று எழுபத்தொன்று. அதிகம் ஏறவில்லை. அடுத்த தெரு கூலருக்கு முன்னால் அவர்கள் வீட்டு ஃபேன் எம்மாத்திரம். ஆனால் இறங்கவும் இல்லை. வீடு அடுப்பு மேல் வைத்த மாதிரி கொதித்தது. முன்னறையிலிருந்து மிதி மெஷின் சத்தம், கடைசி அறையிலிருந்து ரிமோட்டின் சின்னச் சின்ன டிக் சத்தம், வெளியே எங்கோ காதுகுத்து ஸ்பீக்கர். அவன் பச்சை விளக்கையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு ஒரு தடவை மஞ்சளாகி, மறுபடி பச்சையானது.

தொண்ணூறாவது நிமிஷம் தாண்டிய பிறகு இசைப்பிரியா ஒரு பந்தை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினாள். அவளுடைய ஆள் அதைக் காலில் வாங்கித் திருப்பி வலைக்குள் விட்டான். பந்து உதைத்த நேரத்தில் போனது.

விசில் வந்த பிறகும் அவள் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. திரையில் முடிவு பதிவாகி, அடுத்து சென்னை என்று வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வந்தது. துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றாள். "கட்டாவலண்ணே."

"ம்" என்றான் கலைச்செல்வன். "யம்மா, இசை சென்னைக்குப் போறா" என்று முன்னறைப் பக்கம் பார்த்துச் சொன்னான். அந்தக் குரல் செல்லக்கிளி மாடிக்கும் கேட்டிருக்கும். மிதி மெஷின் சத்தம் நின்றது.

அப்போதுதான் இரண்டு பேரும் கூடத்துப் பக்கம் பார்த்தார்கள். கலியன் சுவிட்சுக்கு முன்னாலேயே நின்றிருந்தார். ஒரு கை சுவரில். இன்னொரு கை இரண்டு சுவிட்சையும் மறைத்தாற்போல் விரித்து. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. சுவரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்தாலே உட்கார்ந்துவிடுகிறவர், ஆட்டத்தின் பின்பாதி முழுசும் நின்றிருக்கிறார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, நிற்கவும் சொல்லவில்லை.

"அப்பா, ஏன் நின்னுகினே இருக்கீங்க?" என்று இசைப்பிரியா ஓடினாள்.

"எவனாவது வந்து மாத்திட்டான்னா?" என்றார் கலியன்.

வீட்டில் வேறு எவனும் இல்லை. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கலைச்செல்வன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சுவிட்சுக்குக் கீழேயே, அவர் நின்ற இடத்திலேயே போட்டான். இசைப்பிரியா அவரை உட்கார வைத்தாள். முன்னறையிலிருந்து வந்த மாணிக்கம்மாள், கையிலிருந்த ஜாக்கெட் வெட்டும் அட்டையால் அவருக்கு விசிற ஆரம்பித்தாள்.

"ஜெயிச்சாளாமே?" என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

"ஜெயிச்சிட்டேன்ப்பா."

கலியன் காலை நீட்டி, நடுங்குகிற முட்டியின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

"அந்தக் கோயம்புத்தூர்க்காரன் வூட்டுல எத்தினி பேரு நின்னானுங்களோ" என்றார்.